சமைத்து எழுதியதா, பார்த்து எழுதியதா?

வெங்காயம் பழுப்பு நிறமாகச் சுருண்டு, தித்திப்பு ஏறும்வரை வதங்க எவ்வளவு நேரம் ஆகும்? அமெரிக்கப் பத்திரிகையாளர் டாம் ஸ்கோக்கா 2012-இல் ‘ஸ்லேட்’ இதழில் இந்த ஒரு கேள்வியை வைத்தே ஒரு கட்டுரை எழுதினார். பெயர்பெற்ற சமையல் குறிப்புகள் பலவும் 5 நிமிடம், 10 நிமிடம் என்று சொல்லிக்கொண்டிருந்தன. அடுப்படியில் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும், அரைமணி நேரமாவது வேண்டும். நிதானமான தீயில் வதக்கினால் முக்கால் மணி நேரம்கூட ஆகும். இதையே ஸ்கோக்காவும் சமைத்துப் பார்த்து எழுதினார்.

கதை அதோடு முடியவில்லை. 2017-இல் கூகுளில் இதே கேள்வியைக் கேட்டால், பக்கத்தின் உச்சியில் ஒரு பெட்டிக்குள் ‘சுமார் 5 நிமிடம்’ என்று பதில் வந்தது. அந்த வரி ஸ்கோக்காவின் கட்டுரையிலிருந்தே எடுக்கப்பட்டிருந்தது! பொய் என்று காட்டுவதற்காக அவர் மேற்கோள் காட்டிய வரி, அவர் பெயரிலேயே உண்மையாக உலவியது. சமைக்காத கைகளில் ஒரு குறிப்பு மாறிமாறிப் போனால் என்ன ஆகும் என்பதற்கு இது நல்ல சாட்சி.

அப்படிக் கைமாறுவதற்குப் பெரிய தடையும் இல்லை. வெறும் பொருள் பட்டியலுக்குக் காப்புரிமை கிடையாது என்று அமெரிக்கக் காப்புரிமை அலுவலகமே சொல்கிறது. செய்முறையை விவரிக்கும் நடைக்குப் பாதுகாப்பு உண்டு. ‘அரிசி 2 கப், வெல்லம் ஒன்றரை கப்’ என்ற கணக்குக்கு இல்லை. ஆகவே பட்டியலை அப்படியே எடுத்து, செய்முறையை வேறு வார்த்தைகளில் எழுதி, ஒரு படத்தையும் போட்டுவிட்டால் புதுக் குறிப்பு தயார். இந்த மாற்றி எழுதும் இடத்தில்தான் சரக்கு கழன்றுபோகிறது. எழுதுபவர் சமைத்துப் பார்க்காதவர் என்றால், எந்த வரி உயிர்வரி, எதை விட்டால் பாதகமில்லை என்பது அவருக்குத் தெரியாது.

இதை அதிரசத்தில் வைத்துப் பார்த்தால் துலக்கமாகத் தெரியும். தீபாவளிக்கு முந்தைய வாரம் இணையத்தில் தேடுபவருக்கு இரண்டு வகைக் குறிப்புகள் கிடைக்கும். முதல் வகை இப்படிப் போகும்: அரிசி மாவு 2 கப், வெல்லம் ஒன்றரை கப், ஏலக்காய்த்தூள். வெல்லத்தைக் கெட்டியாகும்வரை கொதிக்கவிட்டு, மாவைக் கொட்டிக் கிளறி, தட்டி, பொன்னிறமாகப் பொரித்தெடுக்கவும். நான்கே வரி, படிக்கச் சுகமாக இருக்கும்.

இரண்டாவது வகை நீளமானது. பச்சரிசி அரைக் கிலோ, பாகு வெல்லம் 375 கிராம் என்று எடை சொல்லும். அரிசியை ஊறவைத்து வடித்து, துணியில் நிழலில் உலர்த்தி, கையில் ஈரம் தட்டும்போதே அரைக்கச் சொல்லும். பிடித்தால் பிடிபட வேண்டும், உதிர்த்தால் உதிர வேண்டும் என்று மாவின் பக்குவத்தையும் சொல்லும். பாகை ஒரு கிண்ணம் தண்ணீரில் சொட்டினால் கரையாமல் நிற்க வேண்டும், விரலால் கூட்டினால் மெத்தென்ற உருண்டையாக வர வேண்டும், தட்டில் போட்டால் ‘டங்’ என்று சத்தம் வந்தால் முற்றிவிட்டது என்று எச்சரிக்கும். மாவு கலந்ததும் நெய் தடவி மூடி, ஒரு நாளாவது வைக்கச் சொல்லும்.

இரண்டுக்கும் வேறுபாடு நீளத்தில் இல்லை. ஈர மாவு பாகைப் பிடித்துக்கொள்ளும். கடையில் வாங்கும் காய்ந்த மாவு அப்படிச் சேராது, அதிரசம் வறண்டு வெடிக்கும். பாகு இளசாக இருந்தால் எண்ணெயில் போட்டதும் அதிரசம் பிரிந்து கலைந்துபோகும். முற்றினால் ஆறியபிறகு பல் போகாது. ‘கெட்டியாகும்வரை’ என்ற சொல் இந்த இரண்டு விபத்துகளுக்கும் இடம் கொடுக்கிறது. அடுப்பின் தீ, பாத்திரத்தின் அகலம், வெல்லத்தின் ஈரம் எல்லாம் வீட்டுக்கு வீடு மாறுவதால், ‘5 நிமிடம் கொதிக்கவிடவும்’ என்பதும் போதாது. சமைத்தவர் கடிகாரத்தைச் சொன்னாலும், கூடவே பதத்தையும் சொல்லுவார்.

உறுதியான அடையாளம் இன்னொன்று உண்டு: கெட்டுப்போனால் என்ன செய்வது என்ற வரி. ‘முதலில் ஒன்றைத் தட்டிப் போட்டுப் பாருங்கள், பிரிந்தால் கொஞ்சம் அரிசி மாவு சேர்த்துப் பிசையுங்கள், இறுகியிருந்தால் பால் தெளித்து இளக்குங்கள்’ என்று எழுத, எழுதியவரின் எண்ணெய்ச்சட்டியில் ஒருமுறையாவது அதிரசம் கலைந்திருக்க வேண்டும்.

அளவுகளிலும் துப்பு கிடைக்கும். 240 மில்லி பிடிக்கும் கப்பில் தண்ணீர் ஊற்றினால் 240 கிராம் இருக்கும். அதே கப்பில் மைதா ஏறக்குறைய 120 முதல் 130 கிராம்தான் பிடிக்கும். சர்க்கரை 200 கிராம் அளவில் நிற்கும். ஒரு கேக் குறிப்பில் ‘மைதா 1 கப், 240 கிராம், சர்க்கரை 1 கப், 240 கிராம்’ என்று இருந்தால், அதை எழுதியவர் மாவைத் தராசில் வைக்கவே இல்லை, மில்லியை அப்படியே கிராமாக்கிவிட்டார். கிராமை நம்பி அளப்பவரின் கேக்கில் மாவு ஏறக்குறைய இரு மடங்காகி, செங்கல்லாக இறுகும்.

பட்டியலையும் செய்முறையையும் பக்கத்தில் வைத்து ஒரு முறை விரலோட்டுவதும் பலன் தரும். பட்டியலில் இருக்கும் தயிர் செய்முறையில் வராமல் போகும்; செய்முறையில் திடீரென்று முளைக்கும் தேங்காய்ப்பால் பட்டியலில் இருக்காது. இரண்டு குறிப்புகளை ஒட்டியதன் தையல் அது. படத்தில் வேறு நிறத்தில் வேறு வடிவத்தில் பண்டம் இருப்பதும் அப்படித்தான். சந்தேகம் வந்தால், குறிப்பின் நடுவிலிருந்து வழக்கத்துக்கு மாறான ஒரு வாக்கியத்தை எடுத்து, இரட்டை மேற்கோள் குறிக்குள் போட்டுத் தேடலாம். அதே வாக்கியம் எழுத்துப் பிசகாமல் நான்கு தளங்களில் வந்தால், அவற்றில் மூன்றாவது சமைக்காமல் எழுதியவை. இந்தச் சோதனைக்கு ஓர் எல்லையும் உண்டு. வார்த்தைகளை மாற்றி எழுதியிருந்தால் இது பிடிக்காது. அப்போது பதமும் அளவும்தான் கைகொடுக்கும்.

‘அமெரிக்காஸ் டெஸ்ட் கிச்சன்’ போன்ற நிறுவனங்கள் ஒரே பண்டத்தைத் திரும்பத் திரும்பச் சமைத்துப் பார்த்து, பிறகு வீட்டுச் சமையலறைகளில் தன்னார்வலர்களைக் கொண்டும் செய்து பார்க்கின்றன. எந்த முறை ஏன் தோற்றது என்பதையும் குறிப்போடு எழுதுகின்றன. ஆனால் அவர்களுடைய மாவும் அடுப்பும் அந்த ஊருக்கானவை. அதிரசத்துக்கோ ஆப்பத்துக்கோ அங்கே போய் நிற்க முடியாது. நம் பண்டங்களுக்கு, ஒரு சமையல்காரர் தமக்கு நன்றாகத் தெரிந்த ஓர் எளிய பண்டத்தை எப்படி எழுதியிருக்கிறார் என்று பார்ப்பது நல்ல வழி. இட்லி மாவில் உளுந்தை எவ்வளவு நேரம் ஆட்ட வேண்டும், குளிர்காலத்தில் புளிக்காவிட்டால் என்ன செய்வது என்று எழுதியிருப்பவரின் அதிரசக் குறிப்பை நம்பி அடுப்பைப் பற்றவைக்கலாம்.

அப்போதும் முதல் தடவை கால் கிலோ அரிசியில் செய்தால் போதும். அதற்கு வெல்லம் 190 கிராம் அளவுக்கு வரும். பாகு எந்தப் பதத்தில் இறக்கினோம், மாவு எத்தனை மணி நேரம் ஊறியது என்று ஒரு நோட்டில் குறித்துவைத்துக்கொண்டால், தீபாவளிக்கு முந்தின நாள் இரண்டு கிலோ போடும்போது அந்த நோட்டைத் திறந்து பார்த்துக்கொள்ளலாம்.