அடைப்புக்குறிக்குள் ஒடுங்கும் பெருக்கல்

பாடசாலையில் அட்சரகணிதம் பயின்ற எவருக்கும் பின்வரும் கோவை புதியதன்று.

3x⁴ − 5x³ + 2x² + 7x − 4

இத்தகைய கோவையைப் பல்லுறுப்பி என்பர். x என்பதற்கு 2 எனும் பெறுமானத்தைக் கொடுத்தால் இக்கோவையின் பெறுமானம் யாது? மாணவன் முதலில் 2-இன் நான்காம் வலுவைக் கண்டு, அதனை மூன்றாற் பெருக்குவான். பின் மூன்றாம் வலுவைக் கண்டு ஐந்தாற் பெருக்குவான். இவ்வாறே ஏனைய உறுப்புகளையும் முடித்து, யாவற்றையும் கூட்டிக் கழித்து 26 என்று விடை எழுதுவான். விடை சரியே. ஆயினும் அவன் எத்தனை முறை பெருக்கினான் என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும். முதலுறுப்புக்கு நான்கு பெருக்கல், அடுத்ததற்கு மூன்று, பின் இரண்டு, பின் ஒன்று. ஆக மொத்தம் பத்து. ஒருமுறை கண்ட வலுவை எழுதிவைத்து அதிலிருந்தே அடுத்த வலுவைப் பெறும் சற்றுக் கெட்டிக்கார மாணவனுக்கு ஏழு பெருக்கல் போதும்.

இதே வேலையை நான்கே பெருக்கல்களில் முடிக்கலாம். கடைசி உறுப்பைத் தவிர மற்றெல்லாவற்றிலும் x உண்டு. அதனைப் பொதுவாக வெளியே எடுத்துவிட்டால், உள்ளே எஞ்சுவதிலும் கடைசி உறுப்பைத் தவிர மற்றவற்றில் மீண்டும் x இருக்கும். அதனையும் வெளியே எடுக்கலாம். இப்படியே சென்றால் கோவை கீழ்க்காணும் வடிவத்தை அடைகின்றது.

(((3x − 5)x + 2)x + 7)x − 4

இப்பொழுது உள்ளிருந்து வெளியே வருதல் வேண்டும். மூன்றை இரண்டாற் பெருக்கி ஐந்தைக் கழித்தால் 1. அதனை இரண்டாற் பெருக்கி இரண்டைக் கூட்டினால் 4. அதனை இரண்டாற் பெருக்கி ஏழைக் கூட்டினால் 15. அதனை இரண்டாற் பெருக்கி நான்கைக் கழித்தால் 26. வலு என்ற பேச்சே எழவில்லை. கையிலிருக்கும் எண்ணை x-ஆற் பெருக்கு, அடுத்த குணகத்தைக் கூட்டு என்னும் ஒரே செயல் நான்கு முறை நடந்தது, அவ்வளவே.

இம்முறை ஹோர்னர் முறை என வழங்குகின்றது. இங்கிலாந்தின் பாத் நகரிற் பாடசாலை நடத்திய வில்லியம் ஜோர்ஜ் ஹோர்னர் என்பவர், சமன்பாடுகளைத் தீர்ப்பது பற்றி எழுதிய கட்டுரை 1819-ஆம் ஆண்டில் இலண்டன் றோயல் சங்கத்தின் வெளியீட்டில் வந்தது. பெயர் அவருக்குக் கிடைத்ததாயினும் முதன்மை அவருக்குரியதன்று. இத்தாலியரான பாவுலோ ருஃபினி 1804-இலேயே இதனை ஒத்த முறையைக் கூறிவிட்டார். அதற்கும் ஐந்து நூற்றாண்டுகளுக்கு மேல் முந்தி, 1247-இல், சீனக் கணித அறிஞர் சின் ஜியுஷாவோ தம் நூலில் இதனைக் கையாண்டிருக்கின்றார். கணிதத்திற் பெயர்கள் நியாயப்படி அமைவது அரிது.

காகிதத்திற் கணக்கிடுபவனுக்கு ஆறு பெருக்கல் மிச்சமாவது சிறு இலாபமே. இயந்திரம் வந்தபோதுதான் அது பெரிதாயிற்று. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் 1949-இல் இயங்கத் தொடங்கிய எட்சாக் என்னும் கணினியில், சாதாரணக் கட்டளை ஒன்றுக்கு ஏறத்தாழ ஒன்றரை மில்லிசெக்கன் சென்றது. பெருக்கலுக்கோ ஆறு மில்லிசெக்கன். மேற்கூறிய கோவைக்குப் பெருக்கல் மட்டில் ஒருவழியில் அறுபது, மற்றொருவழியில் இருபத்துநான்கு மில்லிசெக்கன் ஆகும். சைன் போன்ற சார்புகளையும் கணினி பல்லுறுப்பிகளைக் கொண்டே அண்ணளவாகக் கணிக்கின்றது. ஒரு பெரிய கணக்கில் அவை இலட்சக்கணக்கான முறை வேண்டப்படுமாதலின், வித்தியாசம் மணிக்கணக்காகிவிடும்.

எனினும், விரைவு ஒன்றுக்காகவே செய்நிரலர் இதனை விரும்புகின்றனர் எனல் பொருந்தாது. வலுக்களைச் சேமித்துவைக்கும் இடம் வேண்டியதில்லை. ஓடிக்கொண்டிருக்கும் ஒரேயோர் எண் போதும். விசைப்பலகையில் ஒருவர் 1965 என அழுத்துகின்றார் என்க. இலக்கங்கள் ஒவ்வொன்றாகவே கணினியை அடைகின்றன. 1 வந்தபோது அது ஆயிரத்தைக் குறிக்குமா, பத்தைக் குறிக்குமா என்பது கணினிக்குத் தெரியாது. தெரிய வேண்டியதுமில்லை. இருப்பதைப் பத்தாற் பெருக்கிப் புதிய இலக்கத்தைக் கூட்டினால் 1, 19, 196, 1965 என எண் தானாகவே உருவாகின்றது. எண் என்பதே பத்தின் வலுக்களால் அமைந்த பல்லுறுப்பி அன்றோ! செய்நிரல் எழுதப் பழகுவோர் ஹோர்னர் என்ற பெயரைக் கேளாமலே அவர் முறையைக் கையாள்வது இவ்விடத்தில்தான்.

இதிலும் குறைந்த பெருக்கலால் முடியாதா என்ற ஐயம் எழுதல் இயல்பே. 1954-இல் ஒஸ்ட்ரோவ்ஸ்கி என்னும் கணித அறிஞர் இவ்வினாவை எழுப்பினார். எந்தக் குணகங்கள் வந்தாலும் ஏற்கவல்ல பொதுமுறை எதற்கும், n-ஆம் படிப் பல்லுறுப்பிக்கு n பெருக்கல் இன்றியமையாதது என்று 1966-இல் விக்டர் பான் நிறுவினார். குணகங்கள் முன்னரே தெரிந்திருந்து, அவற்றை வேறு வடிவத்திற்கு மாற்றிவைக்க அவகாசமும் இருந்தால் இதனிலும் குறைக்கலாம். அது வேறு சங்கதி.

குறைகளும் இல்லாமலில்லை. x¹⁰⁰ + 1 போல இடையிலுள்ள குணகங்கள் எல்லாம் பூச்சியமாயிருக்கும் கோவையில் ஹோர்னர் முறை வீணாக ஏறத்தாழ நூறு பெருக்கல் செய்யும். வர்க்கித்து வர்க்கித்துச் சென்றாலோ எட்டே பெருக்கலில் நூறாம் வலு கிட்டிவிடும். மேலும், ஒவ்வொரு படியும் முந்திய படியின் விடைக்காகக் காத்திருக்கின்றது. பல பெருக்கல்களை ஒருங்கே செய்யவல்ல இன்றைய செயலிகளில், கோவையைக் கூறுகளாகப் பிரித்து ஒரே வேளையில் கணிக்கும் எஸ்ட்ரின் முறை, பெருக்கல் சற்றுக் கூடினும், சிலபோது முந்திக்கொள்ளும்.

மட்டந்தட்டலால் விளையும் கேடோ இவற்றினும் நுட்பமானது. x³ − 3x² + 3x − 1 என்பதை, x = 1.01 ஆகும்போது, நான்கு பொருளுடை இலக்கங்களை மட்டும் வைத்துக் கணித்துப் பார்க்கலாம். 1.01-இலிருந்து 3-ஐக் கழிக்க −1.99. அதனை 1.01-ஆற் பெருக்கினால் −2.0099, நான்கு இலக்கத்திற்கு மட்டந்தட்ட −2.010. மூன்றைக் கூட்ட 0.990. மீண்டும் பெருக்க 0.9999. ஒன்றைக் கழிக்க −0.0001. உண்மையில் இக்கோவை (x − 1)³ ஆதலின், சரியான விடை 0.000001. பருமன் நூறு மடங்கு பிழை, குறியும் மாறிவிட்டது!

இது முறையின் குற்றமன்று. ஏறத்தாழச் சமமான இரு எண்களை ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழிக்கும்போது நல்ல இலக்கங்கள் மறைந்து, மட்டந்தட்டிய மிச்சமே எஞ்சுகின்றது. உறுப்புகளின் பருமனோடு ஒப்பிட விடை மிகச் சிறிதாய் வருவதே இதற்கு அறிகுறி. அவ்வேளையில் x-இலிருந்து ஒன்றை முதலிற் கழித்து, கோவையை அவ்வித்தியாசத்தின் பல்லுறுப்பியாக மாற்றியெழுதிய பின்னரே ஹோர்னர் முறையைத் தொடங்குதல் வேண்டும். மேற்காட்டிய கணக்கில் 0.01-ஐ இருமுறை தன்னாற் பெருக்கினால் முடிந்தது. ஓர் இலக்கமும் இழக்கப்படுவதில்லை.