உகரம் வராத கீபோர்டும் கடைக்கு ஒரு கடிதமும்

புதுக் கீபோர்டில் ஒரு வாரத்துக்குள் சில கீக்கள் செத்துவிட்டன என்று கடைக்குப் போனால், அங்கே முதலில் கேட்பது, "தண்ணி ஏதாச்சும் கொட்டிட்டீங்களா சார்?" என்பதுதான். வாயால் மறுத்துக்கொண்டிருப்பதைவிட, எந்தெந்தக் கீக்கள் போயின என்று எழுதிக் கொடுப்பது மேல். அந்தப் பட்டியலே பாதி வழக்கைப் பேசிவிடும்.

விலை குறைந்த கீபோர்டுகளுக்குள் பெரும்பாலும் மூன்று மெல்லிய பிளாஸ்டிக் தாள்கள் இருக்கும். மேல் தாளிலும் கீழ்த் தாளிலும் மின்சாரம் கடத்தும் கோடுகள் அச்சடிக்கப்பட்டிருக்கும். நடுத் தாளில் ஓட்டைகள். கீயை அழுத்தினால் ஓட்டை வழியே மேல்கோடும் கீழ்கோடும் தொட்டுக்கொள்ளும். 104 கீக்களுக்கும் தனித்தனிக் கம்பி கிடையாது. 8 கோடுகள் ஒரு பக்கம், 18 கோடுகள் இன்னொரு பக்கம் என்று வைத்தால் 144 சந்திப்புகள் கிடைத்துவிடும். அதனால் ஒரு கோடு அறுந்தாலோ, அதன் முனை சர்க்யூட் போர்டில் சரியாகப் பதியாமல் இருந்தாலோ, அந்தக் கோட்டில் உள்ள கீக்கள் எல்லாம் ஒன்றாகப் போய்விடும்.

கும்பகோணத்தில் டிடிபி வேலை செய்யும் ஒருவர் 850 ரூபாய்க்குக் கீபோர்டு வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஐந்தாம் நாள் 3, E, D, C நான்கும் ஒரே நேரத்தில் நின்றுவிடுகின்றன. தமிழ்99 முறையில் அடிப்பவருக்கு E, D, C என்பவை ஊ, உ, ஒ. உகரம் போனால் 'து' அடிக்க முடியாது, 'கு' அடிக்க முடியாது. கல்யாணப் பத்திரிகையில் ஒரு வரிகூட நகராது. மேலிருந்து கீழாக ஒரே கோட்டில் இந்த நான்கும் போயிருப்பது, உள்ளே ஒரு கோடு அறுந்திருக்கிறது என்ற பலமான சந்தேகத்தைத் தருகிறது. தண்ணீர் பட்டால் பக்கத்துப் பக்கத்துக் கீக்கள் ஒட்டிக்கொள்வதோ, ஒன்றை அடித்தால் இரண்டு எழுத்து விழுவதோதான் அதிகம். ஈரத்தில் கோடு அரித்துப் போவதும் உண்டு என்பதால் இதை முழு நிரூபணம் என்று சொல்ல மாட்டேன். ஆனாலும் கடிதத்தில் இது இருக்க வேண்டும்.

எழுதும் முன் கீபோர்டை வேறு கணினியில் செருகிப் பாருங்கள். அங்கேயும் அதே கீக்கள் பேசவில்லை என்றால் கோளாறு உங்கள் கணினியில் இல்லை. விண்டோஸில் Windows + Ctrl + O அழுத்தினால் திரையில் ஒரு கீபோர்டு தோன்றும். கையால் அழுத்தும் கீ அதில் ஒளிரும். செத்த கீ ஒளிராது. இதைக் கைபேசியில் படம் எடுங்கள். கீபோர்டின் அடியில் ஒட்டியிருக்கும் சீரியல் நம்பரும் அதே வீடியோவில் வரட்டும். ஸ்க்ரூவை மட்டும் கழற்றாதீர்கள். கழற்றினால், நீங்கள்தான் கெடுத்தீர்கள் என்று சொல்ல இடம் கொடுத்தவர் ஆவீர்கள்.

கடிதம் இவ்வளவு போதும்:

"ஐயா, 3ஆம் தேதி தங்கள் கடையில் இந்தக் கீபோர்டை வாங்கினேன். பில் எண், மாடல், சீரியல் நம்பர் கீழே உள்ளன. 8ஆம் தேதி முதல் 3, E, D, C ஆகிய கீக்கள் வேலை செய்யவில்லை. இரண்டு கணினிகளில் சோதித்தேன், வீடியோ இருக்கிறது. கீபோர்டு கீழே விழவில்லை, ஈரம் படவில்லை, பிரிக்கப்படவும் இல்லை. இதே மாடலில் பழுதில்லாத புதுக் கீபோர்டு மாற்றித் தர வேண்டுகிறேன். அது இருப்பில் இல்லையென்றால் 850 ரூபாயைத் திருப்பித் தாருங்கள். 20ஆம் தேதிக்குள் பதில் எதிர்பார்க்கிறேன்."

கோபம், பழைய கதை, கடையைப் பற்றிய அபிப்பிராயம் எதுவும் வேண்டாம். என்ன வேண்டும் என்பதும் எந்தத் தேதிக்குள் என்பதும் தெளிவாக இருக்கட்டும். பலர் விட்டுவிடுவது இந்த இரண்டையும்தான். இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் கடை முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். பில்லின் நகலைக் கொடுங்கள், அசல் உங்களிடமே இருக்கட்டும். கீபோர்டை விட்டுவிட்டு வர நேர்ந்தால் சீரியல் நம்பர் எழுதிய ரசீது கேளுங்கள்.

"கம்பெனி சர்வீஸ் சென்டருக்குப் போங்க" என்று கடையில் சொல்லக்கூடும். உற்பத்தியாளர் தரும் வாரண்டி வேறு, விற்றவரின் பொறுப்பு வேறு. பழுதான பொருளைத் திரும்பப் பெற்றுப் பணம் தர மறுப்பதை, 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் முறையற்ற வணிகமாகச் சொல்கிறது. பில்லில் காலக்கெடு இருந்தால் அதற்குள், இல்லாவிட்டால் 30 நாளுக்குள். ஆகவே கடிதத்தில் தேதி முக்கியம். டிடிபி தொழிலுக்காக வாங்கியதால் நுகர்வோர் அல்ல என்று யாராவது சொன்னால், சுயதொழிலில் பிழைப்புக்காகத் தானே பயன்படுத்தும் பொருளுக்கு அந்த விலக்கு இல்லை என்பதும் அதே சட்டத்தில் இருக்கிறது.

சொன்ன தேதி கடந்தும் பதில் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதியலாம். அங்கும் தீரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்கு மனுக் கட்டணம் கிடையாது. மாற்றுப் பொருள் கொடுக்கும்படி உத்தரவிட ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. முத்திரை வாங்கி வைத்த அந்தப் பிரதிதான் அங்கே உங்கள் முதல் ஆவணம்.