பாறை யார் கணக்கில்?

குழாய் பதிக்கிற வேலையில் பைப்போட விலை பெரும்பாலும் முன்னாடியே தெரிஞ்சுடும். எத்தனை மீட்டர், என்ன விட்டம் என்பதெல்லாம் வரைபடத்திலேயே இருக்கும். தெரியாதது பள்ளத்துக்குள்ள என்ன இருக்கு என்பதுதான். மண்ணா இருந்தா ஜேசிபி மதியத்துக்குள்ள தோண்டிட்டுப் போயிடும். பாறையா இருந்தா பிரேக்கர் வெச்சு நாள்கணக்கில் உடைக்கணும். கிருஷ்ணகிரி பக்கம் போனவங்களுக்குத் தெரியும், அங்கே பல இடங்களில் பாறை தரைக்கு மேலேயே தலை காட்டும்.

ஒப்பந்தத்தை ரெண்டு விதமா போடலாம். லம்ப்சம் என்றால் முழு வேலைக்கும் ஒரே தொகை. பாறை எவ்வளவு வந்தாலும் பொதுவா அது ஒப்பந்ததாரர் பாடு. ஐட்டம் ரேட் என்றால் மண் ஒரு கன மீட்டருக்கு இவ்வளவு, பாறைக்கு இவ்வளவு என்று தனித்தனி விலை. தோண்டி முடித்தபின் அளந்து, எம் புக்கில் ஏற்றி, அந்த அளவுக்குப் பணம். அதாவது பாறை வந்தால் செலவு துறையோடது.

ஐட்டம் ரேட்தான் நியாயம் என்று தோணும். எனக்கும் பெரும்பாலும் அப்படித்தான் படுது. ஆனா அதில் ஒரு ஓட்டை இருக்கு. நானே போட்ட ஒரு சின்னக் கணக்கில் பாருங்க. விலைகள் எல்லாம் கற்பனை.

1 கி.மீ. நீளம், 1 மீட்டர் அகலம், 1.5 மீட்டர் ஆழம். மொத்தம் 1500 கன மீட்டர். எஸ்டிமேட்டில் பாறை 150, மீதி 1350 மண் என்று போட்டிருக்காங்க. ஏ என்பவர் மண்ணுக்கு 200 ரூபாய், பாறைக்கு 1500 ரூபாய் கேட்கிறார். மொத்தம் 4,95,000. பி என்பவர் மண்ணுக்கு 170, பாறைக்கு 1700. மொத்தம் 4,84,500. பி 10,500 ரூபாய் குறைவு, வேலை அவருக்கே.

பி ஏன் மண் விலையைக் குறைச்சு பாறை விலையை ஏத்தினார்? அந்த ஊரில் ஏற்கெனவே போர்வெல் போட்டவங்களை விசாரிச்சிருப்பார். எஸ்டிமேட்டில் இருக்கிற 150 பொய் என்று அவருக்குத் தெரியும். உண்மையில் 600 கன மீட்டர் பாறை வந்தது என்று வைங்க. ஏ செஞ்சிருந்தா 10,80,000. பி-க்குத் தரவேண்டியது 11,73,000. குறைந்த விலைன்னு எடுத்தவருக்கு 93,000 ரூபாய் கூடுதல்.

பாறையின் அளவை `r` என்று வைத்தால்:

```
A = 200*(1500 - r) + 1500*r = 300000 + 1300*r
B = 170*(1500 - r) + 1700*r = 255000 + 1530*r
A = B  =>  r = 195.65
```

எஸ்டிமேட்டை விட வெறும் 46 கன மீட்டர் பாறை கூடினாலே வரிசை தலைகீழாகுது. மொத்தப் பள்ளத்தில் அது சுமார் 3 சதவீதம்தான். டெண்டர் திறந்த உடனே யார் வேணும்னாலும் இந்தச் சோதனையைப் போட்டுப் பார்க்கலாம். எந்த ஐட்டத்தின் அளவு கொஞ்சம் மாறினா முதலிடம் மாறுதோ, அந்த இடத்தில் எஸ்டிமேட்டைத் திரும்பப் பார்க்கணும். அமெரிக்க நெடுஞ்சாலைத் துறையினர் இதைச் சமனற்ற ஏலம் என்று சொல்லி, அப்படிப்பட்ட டெண்டரை நிராகரிக்கவும் வழி வெச்சிருக்காங்க.

அளவு ரொம்ப மாறினா ரேட்டை மாத்த முடியாதா? ஃபிடிக் அமைப்பின் 1999 சிவப்புப் புத்தகத்தில் அதற்கு வழி உண்டு. அளவு 10 சதவீதத்துக்கு மேல் மாறணும். கூடவே, அந்த மாற்றத்தாலேயே ஒரு யூனிட்டுக்கு ஆகிற செலவு 1 சதவீதத்துக்கு மேல் மாறியிருக்கணும். இன்னும் ரெண்டு நிபந்தனையும் உண்டு. நம்ம கணக்கில் இது உதவாது. 150 கன மீட்டர் உடைத்தாலும் 600 உடைத்தாலும் ஒரு கன மீட்டருக்கு ஆகும் செலவு ஏறக்குறைய அதேதான்.

அப்போ லம்ப்சம் போட்டுடலாமா? விவரம் தெரிஞ்ச ஒப்பந்ததாரர் பயத்தையும் சேர்த்து 9 லட்சம் கேட்பார். பாறை 150-தான் வந்தால், ஏ ரேட்டோடு ஒப்பிட 4,05,000 ரூபாய் தண்டம். விவரம் தெரியாதவர் 5 லட்சத்துக்கு எடுப்பார், அதுதான் இன்னும் மோசம். பாறையில் மாட்டினதும் 1.5 மீட்டர் ஆழம் மெதுவா 1 மீட்டராகும். மண் மூடின பிறகு யாருக்கும் தெரியாது, லாரி ஏறி குழாய் உடையும்வரை. அதனால லம்ப்சத்திலும் குழாய் இறக்கும் முன் ஆழத்தை அளக்கத்தான் வேணும்.

மேலே தெரியிற வேலைக்கு, உதாரணமா பம்ப் ரூமுக்கு, லம்ப்சம் சரி. பள்ளத்துக்கு ஐட்டம் ரேட், ஆனா டெண்டருக்கு முன்னாடி 100 மீட்டருக்கு ஒரு சோதனைக் குழி. கி.மீ.க்குப் பத்துப் பதினோரு குழி, ஜேசிபிக்கு ஓரிரு நாள் வேலை. பி-க்குத் தெரிஞ்சது ஏ-க்கும் துறைக்கும் தெரிஞ்சிடும். குழிகளுக்கு நடுவில் பாறை ஒளிஞ்சிருக்கலாம், ஆனா 150-க்கும் 600-க்கும் உள்ள வித்தியாசம் பெரும்பாலும் தெரிஞ்சுடும்.

பிறகு அளவெடுப்பு. மண்ணும் பாறையும் கலந்து வரும்போது உடைத்த கல்லை அடுக்கி அளந்து, இடைவெளிக்காகப் பாதியைக் கழிப்பது நம்ம ஊர் வழக்கம். அந்தப் பாதியைக் கழிக்க 'மறந்தா' 600 கன மீட்டர் 1200 ஆகிடும். எம் புக் கையில் கிடைச்சா முதலில் நான் பார்க்கிறது ஒரே ஒரு கூட்டல்: மண்ணும் பாறையும் சேர்த்தால் பள்ளத்தின் கன அளவு வருதா?