ஜாதகப் புகைப்படத்தில் சூரியனா, சுக்கிரனா?

கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலைப் பகுதி அன்பர்கள் சிலர், பெரியோரின் ஜாதகத்தைப் புகைப்படமாகவே வைத்திருக்கிறார்கள். மை மங்கிய படத்தில் ‘சூ’ என்னும் சூரியனும் ‘சு’ என்னும் சுக்கிரனும் ஒன்றுபோல் தோன்றும். திருமணப் பொருத்தத்தில் சுக்கிரனே களத்திரகாரகன் என்பதால், இது சிறிய குழப்பமன்று.

தென்னாட்டுக் கட்டத்தில் ராசிகளுக்கு இடம் நிலையானது. அதனால்தான் ராசியின் பெயரை எழுதுவதில்லை. மேல்வரிசையில் இடமிருந்து இரண்டாவது கட்டம் மேஷம். அங்கிருந்து வலமாக எண்ணவேண்டும். சூரியன் சித்திரையில் மேஷத்தில் இருப்பார். பின்பு மாதத்திற்கு ஒரு கட்டம் நகர்வார்.

மலாயா சுதந்திரம் பெற்ற 31.8.1957 ஆவணி மாதம். ஆவணி ஐந்தாம் மாதமாகையால் ஐந்தாம் கட்டமான சிம்மத்தில், அதாவது வலப்பக்கம் கீழ்மூலைக்குச் சற்று மேலே, இருப்பவர் சூரியன். அம்மூலையில், கன்னியில், இருப்பவர் சுக்கிரன். வானில் சுக்கிரன் சூரியனைவிட்டு 48 பாகைக்கு மேல் விலகுவதில்லை. இருவரும் அருகருகே அமைவது அதனால்தான்.

மாதப் பிறப்பன்று பிறந்தவருக்கு மட்டும் பஞ்சாங்கத்தில் சங்கராந்தி நேரத்தையும் பார்க்கவேண்டும். நடுவில் ‘ராசி’ என்றுள்ள கட்டத்துக்கே இக்கணக்கு. ‘நவாம்சம்’ என்றிருந்தால் பொருந்தாது.