பல கிளிப்களுக்கு ஒரே பூச்சு: அட்ஜஸ்ட்மென்ட் லேயர் வேலை செய்யும் விதம்

வீடியோ எடிட்டிங்கில் அட்ஜஸ்ட்மென்ட் லேயர் என்பது படமோ ஒலியோ இல்லாத ஒரு வெற்றுக் கிளிப். டைம்லைனில் மற்ற கிளிப்களுக்கு மேலே உள்ள டிராக்கில் அதை வைத்து, அதன்மேல் நிறத் திருத்தமோ ப்ளரோ போட்டால், அது நீளும் தூரம்வரை கீழே இருக்கும் எல்லாக் கிளிப்களும் அந்த மாற்றத்தோடு தெரியும். மேசையில் பரப்பிய புகைப்படங்களின் மேல் நிறக் கண்ணாடி ஒன்றை வைத்தது போலத்தான். கண்ணாடியை எடுத்துவிட்டால் படங்கள் பழையபடியே இருக்கும். கண்ணாடிக்கு மேல் வைத்த எதற்கும் நிறம் ஏறாது. அதனால் தலைப்பு எழுத்துகளும் ஸ்டுடியோ லோகோவும் எப்போதும் இந்த லேயருக்கு மேல் டிராக்கில் இருக்க வேண்டும்.

இந்த ஏற்பாடு முதலில் புகைப்படத் துறையில் புழங்கியது. போட்டோஷாப்பில் 1996-இல் வந்த நான்காம் பதிப்பிலேயே இது உண்டு. பிரீமியர் புரோவுக்கு 2012-இல், சிஎஸ்6 பதிப்போடுதான் வந்தது. டாவின்சி ரிசால்வ் இதை Adjustment Clip என்ற பெயரில் தருகிறது. இங்கே விளக்கம் பிரீமியரை வைத்துச் சொல்லப்படுகிறது.

Project பேனலை ஒருமுறை கிளிக் செய்துவிட்டு File > New > Adjustment Layer என்று போனால் அளவு கேட்கும் சிறு பெட்டி வரும். OK கொடுத்ததும் லேயர் பேனலில் வந்து உட்காரும். அதை டைம்லைனுக்கு இழுத்து, நுனியைப் பிடித்து வேண்டிய நீளத்துக்கு நீட்டிக்கொள்ளலாம். பிறகு Effects பேனலில் Lumetri Color என்று தேடி லேயரின் மேல் போட்டால் நிறத்தை மாற்றத் தொடங்கலாம். செய்முறை இவ்வளவுதான். ஆனால் எது முதலில் நடக்கிறது, எது பிறகு நடக்கிறது என்பது தெரியாவிட்டால் முடிவு சரியாக வராது.

பிரீமியர் ஒவ்வொரு கிளிப்புக்கும் அதற்கே போட்ட எபெக்ட்களை முதலில் செய்து முடிக்கும். பிறகு கீழ் டிராக்குகளை எல்லாம் ஒன்றாகச் சேர்த்து ஒரே படமாக்கும். அந்தச் சேர்ந்த படத்தின் மேல்தான் லேயரின் எபெக்ட் விழும். கல்யாண மண்டபத்தில் இரண்டு கேமராக்கள் ஓடியிருக்கின்றன, ஒன்றின் படம் மஞ்சளாகவும் மற்றதன் படம் நீலம் தட்டியும் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மஞ்சளைக் குறைக்க லேயரில் Temperature எண்ணைக் கீழே இறக்கினால், முதல் கேமரா சரியாகும்; இரண்டாவது இன்னும் நீலமாகிப் போகும். இரண்டையும் ஒன்றுக்கொன்று பொருந்தவைக்கும் வேலை லேயருக்குரியது அல்ல. வெளிச்சத்தையும் வெள்ளையின் நிறத்தையும் அந்தந்தக் கிளிப்பிலேயே சரிசெய்ய வேண்டும். எல்லாம் ஒரே நிலைக்கு வந்தபின், படம் முழுவதற்கும் தர விரும்பும் சாயலை மட்டும் லேயரில் வைப்பதே முறை. சாயல் தூக்கலாகத் தெரிந்தால் லேயரின் Opacity-ஐ 100-இலிருந்து 60-க்கோ 70-க்கோ இறக்கினால் போதும். Lumetri-க்குள் ஒவ்வொரு எண்ணாகத் தேட வேண்டியதில்லை.

ப்ளருக்கு இந்தக் கடைசி வழி உதவாது. Opacity-ஐப் பாதியாக்கினால் மங்கல் பாதியாகாது. தெளிவான படமும் மங்கிய படமும் ஒன்றின்மேல் ஒன்று கலந்து, விளிம்புகளில் ஒளி கசிவது போன்ற தோற்றம் வரும். கல்யாண வீடியோக்களில் சிலர் அதை வேண்டுமென்றே செய்வதுண்டு. மங்கல்தான் குறைய வேண்டும் என்றால் Gaussian Blur-இன் Blurriness எண்ணையே குறைக்க வேண்டும்.

அதே கல்யாண வீடியோவில் இரண்டு வேலையும் சேர்ந்து வரும் இடம் உண்டு. உறவினர்கள் அனுப்பிய செங்குத்தான செல்போன் காட்சிகளை அகலமான படத்துக்குள் சேர்க்க வேண்டும். இரு பக்கமும் கறுப்பாக விட்டால் நன்றாக இருக்காது. காட்சி 1080-க்கு 1920, படச் சட்டம் 1920-க்கு 1080 என்றால், முதலில் அந்தக் கிளிப்பின் நிறத்தைச் சரிசெய்துவிட்டு இரண்டு பிரதிகளாக்க வேண்டும். V1-இல் உள்ளதை Scale 178 ஆக்கினால் சட்டத்தின் அகலம் நிறைந்துவிடும். V3-இல் உள்ளதை 56 ஆக்கினால் முழு உயரமும் நடுவில் அடங்கும். இடையில் V2-இல் அட்ஜஸ்ட்மென்ட் லேயர் ஒன்றை வைத்து Gaussian Blur-ஐ 50 அளவில் போட்டால், பின்னணி மட்டும் மங்கும். மேலே இருக்கும் காட்சி தெளிவாகவே நிற்கும். பத்துக் காட்சிகள் அடுத்தடுத்து வந்தாலும் V2-இல் ஒரே லேயர் போதும். எல்லாவற்றுக்கும் மேல் V4-இல் நிறத்துக்கான லேயரும், V5-இல் எழுத்துகளும் இருக்கும். V4 லேயர் வீடியோ முழுக்க நீளும். V2 லேயர் செல்போன் காட்சிகள் இருக்கும் தூரத்துக்கு மட்டும் நீளும்.

ப்ளர் போட்டதும் சட்டத்தின் நான்கு ஓரங்களும் கருத்துத் தெரிந்தால், Repeat Edge Pixels பெட்டியில் டிக் இல்லை என்று பொருள். சட்டத்துக்கு வெளியே இருக்கும் வெறுமையும் மங்கலோடு கலந்து உள்ளே வருவதால் அந்தக் கருப்பு வருகிறது.

அடிக்கடி நேரும் பிசகு லேயரின் நுனியில்தான். V2 லேயர் ஒரே ஒரு ஃபிரேம் அதிகமாக நீண்டிருந்தால், அடுத்து வரும் கேமரா காட்சியின் முதல் ஃபிரேம் மங்கி, கண் சிமிட்டியது போல ஒரு வெட்டு தெரியும். ஓடும்போது எங்கே என்று பிடிபடாது. வெட்டும் இடத்தில் நிறுத்தி, அம்புக்குறி விசையால் ஒவ்வொரு ஃபிரேமாக நகர்த்தினால் மாட்டிக்கொள்ளும். கீழே கிளிப்களைக் குறைத்துக் கூட்டிய பிறகு லேயர் பழைய இடத்திலேயே நின்றுவிடுவதுதான் பெரும்பாலும் இதற்குக் காரணம். வெட்டு வேலை முழுக்க முடிந்தபின் லேயர்களை வைப்பது இந்தத் தொல்லையைப் பெரிதும் குறைக்கும்.

நிறம் படத்தின் நடுவில் ஒரு செவ்வகத்துக்குள் மட்டும் மாறி, ஓரங்கள் பழையபடி இருந்தால், சிறிய அளவில் உருவாக்கிய லேயரைப் பெரிய சீக்வென்ஸில் போட்டிருக்கிறார்கள் என்று அறியலாம். 4கே சீக்வென்ஸுக்கு அதே அளவில் புதிய லேயர் உருவாக்கி, பழையதிலிருந்து எபெக்ட்டை நகலெடுத்து ஒட்டினால் சரியாகும்.

லேயரைக் காட்சிக்குக் காட்சி துண்டாக வெட்டுபவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. முகூர்த்தத்துக்கு ஒரு சாயல், வரவேற்புக்கு இன்னொன்று என்று வைக்க அது வசதிதான். ஆனால் வெட்டிய கணத்திலிருந்து ஒவ்வொரு துண்டும் தனித்தனி. ஒன்றில் செய்யும் மாற்றம் மற்றதற்குப் போகாது. பிறகு வாடிக்கையாளர் முழு வீடியோவும் கொஞ்சம் வெளிச்சமாக வேண்டும் என்றால், எல்லாத் துண்டுகளுக்கும் மேல் இன்னொரு நீண்ட லேயரைப் போட்டு அதில் மட்டும் Exposure-ஐ ஏற்றுவது எளிது.

நிறத்தைத் திருத்தும்போது டிராக்கின் கண் பொத்தானை அவ்வப்போது அணைத்துப் பார்ப்பது நல்லது. அதுவும் வீடியோவின் கடைசி நொடிகளில் கட்டாயம் பார்க்க வேண்டும். பழைய பிலிம் போலக் கறுப்பைச் சாம்பலாக ஏற்றும் சாயல் லேயரில் இருந்தால், கீழே உள்ள கிளிப்பில் Dip to Black போட்டு இருளச் செய்தாலும் படம் முழுக் கறுப்பாகாது. லேயர் அந்தக் கறுப்பையும் சேர்த்துச் சாம்பலாக்கிவிடும். லேயருக்கு மேல் டிராக்கில் Black Video ஒன்றை வைத்து, அதன் Opacity-ஐ 0-இலிருந்து 100-க்கு ஏற்றினால் திரை முழுதாக இருளும்.