தரையருகேதான் திணறும் சிசர் லிஃப்ட்

சரக்கேற்றிய சிசர் லிஃப்ட் உயரே போகப் போகத்தான் அதிகம் திணறும் என்று தோன்றும். கணக்கு நேர்மாறாகச் சொல்கிறது: தரையை விட்டுக் கிளம்பும்போதுதான் அதற்குப் பெரும் பாடு. கத்தரிக்கோல் போல நடுவில் அச்சாணியால் கோக்கப்பட்ட இரண்டு கைகளை எடுத்துக்கொள்வோம். ஒவ்வொன்றும் 2 மீட்டர் நீளம். ஒன்றின் கீழ்முனை அடிச்சட்டத்தோடு பிணைந்திருக்கிறது. மற்றதன் கீழ்முனையில் சக்கரம். ஹைட்ராலிக் சிலிண்டர் அந்தச் சக்கரத்தைக் கிடைமட்டமாக உள்ளே தள்ள, மேடை எழுகிறது. மேடையும் சரக்கும் சேர்ந்து 1 டன். கைகளின் எடையையும் உராய்வையும் இப்போதைக்கு விட்டுவிடலாம்.

சரக்கு நடுவில் இருப்பதாக வைத்து, சக்கரமுள்ள கையை மட்டும் தனியே பாருங்கள். அதன் மேல்முனையை மேடை அரை டன் விசையால் கீழே அழுத்துகிறது. கீழ்முனையைத் தரை அரை டன் விசையால் மேலே தாங்குகிறது. இரண்டும் சேர்ந்து கையை அச்சாணியைச் சுற்றிப் படுக்கவைக்கப் பார்க்கின்றன. சிலிண்டர் அதை நிமிர்த்தப் பார்க்கிறது. எடைக்குக் கிடைக்கும் நெம்புதூரம் கைகளின் அடியகலத்தைப் பொறுத்தது. சிலிண்டருக்குக் கிடைப்பதோ உயரத்தைப் பொறுத்தது. இரு திருப்புத்திறன்களும் சமமாக வேண்டுமானால், எடையை அடியகலத்தால் பெருக்கி உயரத்தால் வகுத்தால் வரும் விசை தேவை. கை 10 டிகிரி சாய்வில் இருக்கும்போது உயரம் வெறும் 35 செ.மீ.; சிலிண்டர் 5.67 டன் விசை தர வேண்டும். 30 டிகிரியில் அது 1.73 டன். 45 டிகிரியில் எடைக்குச் சமம். 60 டிகிரியில் 0.58 டன்னே போதும்.

ஒரு டன்னைத் தூக்க ஐந்தரை டன்னுக்கு மேல் தேவை என்றால் ஆற்றல் வீணாகிறதா? இல்லை. 10 டிகிரியிலிருந்து 11 டிகிரிக்கு மேடை 34 மி.மீ. எழும்போது சக்கரம் ஏறத்தாழ 6 மி.மீ. மட்டுமே நகர்கிறது. தூரம் குறைந்த அளவுக்கு விசை கூடுகிறது, அவ்வளவுதான். சரக்கை ஓரத்தில் வைத்தால் சிலிண்டருக்குச் சுமை கூடாதா என்று கேட்கலாம். மேடை சாயாமல் எழுவதால் சரக்கு எங்கிருந்தாலும் ஒரே உயரம்தான் ஏறுகிறது. ஆகவே சிலிண்டரின் விசை மாறாது. ஆனால் கைகளிலும் அச்சாணிகளிலும் விழும் பாரம் மாறும். கவிழும் அபாயமும் உண்டு. பல இயந்திரங்களில் சிலிண்டர் கைகளுக்கிடையே சாய்வாக இருக்கும். அங்கே எண்கள் மாறினாலும் தாழ்நிலையே கடினம். கைகளை முழுவதும் படுக்கவிடாமல் வடிவமைப்பாளர்கள் தடுப்பதும் இதனால்தான்.

இதன் விளைவை அழுத்தமானியிலேயே காணலாம்: அதே சரக்குடன் மேடை எழ எழ முள் இறங்கும். எனவே எண்ணெய் அழுத்தத்தை மட்டும் பார்த்துச் சுமையைச் சொல்ல முடியாது. 10 டிகிரியில் 1 டன் தூக்குமளவுக்கு ரிலீஃப் வால்வை அமைத்தால், அதே அழுத்தம் 60 டிகிரியில் 10 டன்னுக்குச் சற்றே குறைவான எடையைக்கூடத் தாங்க முயலும். வால்வு திறக்காது, கைகள்தான் முதலில் வளையும். சிலிண்டரைத் தாழ்நிலைக் கணக்கில் தேர்ந்தெடுங்கள். மிகைச்சுமையைத் தடுக்க, அழுத்தத்தோடு கையின் கோணத்தையும் அளக்கும் உணரியைக் கட்டாயம் பொருத்துங்கள்.