உஷார்! பரீட்சைத் தளம் உள்ளே விடவில்லையா? கடவுச்சொல்லை விடுங்கள், மின்னஞ்சலை எழுதுங்கள்

நள்ளிரவுக்குள் விடைத்தாளைப் பதிவேற்ற வேண்டிய நாளில் தளம் உங்களை உள்ளே விட மறுத்தால், மூன்று தடவைக்கு மேல் கடவுச்சொல்லை அடித்துப் பார்க்காதீர்கள். நிலாவெளி வீதியில் அறை எடுத்துத் தங்கியிருப்பவர்களுக்கும் சொல்கிறேன், மூதூர், கிண்ணியா, வெருகல் பக்கம் வீட்டிலிருந்தபடி போனில் பதிவேற்றுபவர்களுக்கும் சொல்கிறேன். பாதிப் பிள்ளைகள் கெட்டுப்போவது அந்த நான்காவது, ஐந்தாவது, ஆறாவது தடவையில்தான்.

காரணம் இது. நம் பல்கலைக்கழகங்களிலும் தொழில்நுட்பக் கல்லூரிகளிலும் பரவலாக ஓடுவது மூடில் என்ற மென்பொருள். இத்தனை தடவை பிழையாக அடித்தால் கணக்கைப் பூட்டு என்று நிர்வாகி அதில் ஓர் எண்ணை வைக்கலாம். சில இடத்தில் ஐந்து, சில இடத்தில் பத்து. பூட்டினால் எவ்வளவு நேரம் என்பதும் நிர்வாகி கையில்தான். அவர் எதையும் மாற்றாவிட்டால் 30 நிமிடம். இதுவரை சரி. பொல்லாப்பு எங்கே என்றால், கணக்குப் பூட்டப்பட்டிருப்பதைத் தளம் திரையில் உங்களுக்குச் சொல்லாது. பிழையான கடவுச்சொல்லுக்கு வரும் அதே `Invalid login, please try again` என்ற வரிதான் பூட்டிய பிறகும் வரும். அப்போது நீங்கள் சரியான கடவுச்சொல்லையே அடித்தாலும் அதே வரி. ஊகித்துக் கணக்குகளை உடைக்க வருபவனுக்குத் துப்புக் கொடுக்கக்கூடாது என்பதற்காக அப்படி வைத்திருக்கிறார்கள். அவனுக்கு வைத்த பொறியில் நம் பிள்ளை போய் விழுகிறது.

மூதூரில் இருக்கும் ஒரு மாணவியை நினைத்துக்கொள்ளுங்கள். கெடு இரவு 11.55. பன்னிரண்டு பக்கம் கையால் எழுதி முடித்து, 11 மணிக்குத் தளத்தைத் திறக்கிறாள். கடவுச்சொல்லை வட்ஸ்அப்பில் தனக்குத்தானே அனுப்பி வைத்திருக்கிறாள். அதைப் பிரதி எடுத்து ஒட்டும்போது கடைசியில் ஓர் இடைவெளி சேர்ந்துவிடுகிறது. புள்ளி புள்ளியாகத் தெரியும் பெட்டியில் அது கண்ணில் படுமா? ஐந்து தடவை ஒட்டுகிறாள். 11.06க்குக் கணக்குப் பூட்டிக்கொள்கிறது. 11.09க்குக் கொப்பியில் எழுதிவைத்ததைப் பார்த்து ஒவ்வோர் எழுத்தாக, சரியாக, அடிக்கிறாள். அப்போதும் அதே வரி. ‘யாரோ என் பாஸ்வேர்டை மாத்திட்டாங்கள்’ என்று முடிவு கட்டிவிடுகிறாள்.

அடுத்து ‘கடவுச்சொல் மறந்துவிட்டது’ இணைப்பை அழுத்துகிறாள். அஞ்சல் போயிருக்க வேண்டும் என்று தளம் சொல்கிறது. அந்த வாக்கியத்தை முழுதாக வாசிக்க வேண்டும். நீங்கள் கொடுத்த பெயரோ முகவரியோ சரியாக இருந்தால் ஓர் அஞ்சல் போயிருக்கும் என்பதே அதன் பொருள். பிழையான முகவரி கொடுத்தாலும் அதே வாக்கியம்தான் வரும். சரியாகக் கொடுத்திருந்தாலும் அஞ்சல் போவது பதிவு செய்த நாளில் எழுதிக் கொடுத்த முகவரிக்கு. பல பேருக்கு அது உயர்தரம் எழுதிய காலத்தில் ஏதோ ஒரு கொம்யூனிக்கேஷன் கடையில் திறந்து கொடுத்த ஜிமெயில். அதன் கடவுச்சொல் கடைக்காரத் தம்பிக்கும் ஞாபகம் இருக்காது. அஞ்சல் கையில் கிடைத்தால் நல்லது. அதிலுள்ள இணைப்பு, நிர்வாகி மாற்றாவிட்டால், 30 நிமிடம் வேலை செய்யும். கடவுச்சொல்லை மாற்றியதும் பூட்டும் திறந்துகொள்ளும். கிடைக்காவிட்டால் அதற்காகக் காத்திருந்து நேரத்தைத் தின்னாதீர்கள்.

இப்போது மணி 11.20. தகவல் தொழில்நுட்பப் பிரிவுக்கு அவள் எழுதுகிறாள். இந்த இடத்தில்தான் நான் கத்த வேண்டியிருக்கிறது.

பொதுவாகப் போகிற அஞ்சல் இப்படி இருக்கும்: ‘சேர், போர்ட்டல் ஓப்பன் ஆகுதில்லை, இண்டைக்குக் கடைசி நாள், பிளீஸ் ஹெல்ப் பண்ணுங்கோ. என்ர பாஸ்வேர்ட் இதுதான்.’ கூடவே அடையாள அட்டையின் இரண்டு பக்கப் படமும் இருக்கும். அனுப்பிய முகவரியில் பெயர் இல்லை, ஏதோ ஒரு செல்லப்பெயரும் நாலு இலக்கமும். பதிவிலக்கம் இல்லை. எந்தப் பாடம் என்றும் இல்லை. காலையில் அலுவலகத்துக்கு வந்து அதைத் திறப்பவர், யாரென்று தெரியாத ஒரு முகவரிக்காக ஒரு கணக்கைத் திறந்துவிட மாட்டார். திறக்கவும் கூடாது. ‘உங்கள் பதிவிலக்கம் என்ன?’ என்று கேட்டு ஒரு பதில் போடுவார். அதற்குள் கெடு எப்போதோ போயிருக்கும். மறுநாள் போயா விடுமுறையாக இருந்தால் அந்தக் கேள்விகூட அதற்கு அடுத்த நாள்தான் வரும்.

இரவு பதினொன்றரைக்கு அலுவலகத்தில் ஆள் இல்லை என்பது உங்களுக்கும் தெரியும். அப்படியிருக்க ஏன் எழுதுகிறோம்? பூட்டைத் திறக்க அல்ல. கெடுவுக்கு முன்னமே என் விடை முடிந்திருந்தது, உள்ளே போகத்தான் முடியவில்லை என்பதற்கு நேரம் பொறித்த ஒரு சாட்சி வேண்டும். அதற்காக. பரீட்சைச் சபையில் உங்கள் விடயம் பேசப்படும் நாளில் மேசைக்கு வரப்போவது அந்த அஞ்சல் ஒன்றுதான். ஆகவே அதை இப்படி எழுதுங்கள்:

‘விடயம்: உள்நுழைய முடியவில்லை – (பதிவிலக்கம்) – (பாடக் குறியீடு) – கெடு இன்று இரவு 11.55

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

நான் (பீடம்) இரண்டாம் ஆண்டு மாணவி. இன்றிரவு 11.02 முதல் 11.09 வரை ஆறு தடவை உள்நுழைய முயன்றேன். ஒவ்வொரு தடவையும் `Invalid login, please try again` என்று வந்தது. போனில் குரோம் உலாவி, டயலொக் இணைப்பு. தளத்தின் முதற்பக்கம் திறக்கிறது, வேறு தளங்களும் திறக்கின்றன. கடவுச்சொல்லை மாற்றக் கேட்டேன், அஞ்சல் வரவில்லை. திரைப்பிடிப்பை இணைத்திருக்கிறேன். முடித்த விடைத்தாளையும் இணைத்திருக்கிறேன். பிரதி: பாட விரிவுரையாளருக்கும் பரீட்சைப் பிரிவுக்கும்.’

முடிந்தவரை வளாகம் கொடுத்த முகவரியிலிருந்து அனுப்புங்கள். அதற்குள்ளும் போக முடியாவிட்டால் சொந்த முகவரியிலிருந்து அனுப்பி, ஏன் அப்படி அனுப்புகிறேன் என்று ஒரு வரி எழுதுங்கள். கடவுச்சொல் வேண்டாம். அடையாள அட்டைப் படமும் வேண்டாம், கேட்டால் நேரில் போய்க் காட்டலாம்.

நேரத்தை ஏன் இவ்வளவு நுணுக்கமாக எழுதச் சொல்கிறேன் என்றால், தோற்றுப்போன ஒவ்வொரு முயற்சியும் சேவையகத்தின் பதிவேட்டில் நேரத்தோடும் இணைய முகவரியோடும் விழுகிறது. நீங்கள் சொன்ன 11.02 அங்கேயும் 11.02 என்று இருந்தால் அதற்குப் பிறகு உங்களை யாரும் சந்தேகப்பட வேண்டியதில்லை. ஆனால் தளமே திறக்காமல் வட்டம் சுற்றிக்கொண்டு நின்றால் அந்தப் பதிவேட்டில் உங்களைப் பற்றி ஒன்றும் இருக்காது. அந்த நிலையில் மணி தெரியும்படி எடுத்த திரைப்பிடிப்புத்தான் துணை.

விடைத்தாளை இணைப்பதில் ஒரு வில்லங்கம் உண்டு. பன்னிரண்டு பக்கத்தையும் போன் கமராவில் படம் எடுத்தால் பக்கத்துக்கு 3 எம்பி என்று வைத்தாலும் 36 எம்பி ஆகிறது. ஜிமெயில் 25 எம்பிக்கு மேல் இணைப்பாக அனுப்பாது, டிரைவில் போட்டு ஓர் இணைய இணைப்பைத்தான் அனுப்பும். அதைத் திறக்க விரிவுரையாளருக்கு அனுமதி கிடைக்காமல் போகலாம். அதைவிட, டிரைவில் இருக்கும் கோப்பைப் பிறகு மாற்றலாம் என்பதால் சாட்சி பலவீனமாகிவிடும். ஸ்கேன் செய்யும் செயலியால் ஒரே பிடிஎஃப் ஆக்கினால் அளவு வெகுவாகக் குறையும், அஞ்சலோடேயே போய்விடும். இதைக் கெடு நாளுக்கு முன்னமே ஒருதரம் செய்து பழகி வைத்திருங்கள்.

எல்லாப் பூட்டும் தகவல் தொழில்நுட்பப் பிரிவின் பூட்டு அல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். உள்ளே போக முடிகிறது, ஆனால் அந்தப் பாடம் பட்டியலில் இல்லை என்றால் அது பாடப் பதிவிலோ பரீட்சை விண்ணப்பத்திலோ விட்ட குறை. அதைப் பீட அலுவலகமோ பரீட்சைப் பிரிவோதான் தீர்க்கும். கணினிக்காரருக்கு எழுதினால் அவர் அதை வேறொருவருக்குத் தள்ளிவிடுவார், அவ்வளவுதான்.

இனி, இதைவிட மோசமான ஆபத்துக்கு வருகிறேன். பதற்றத்தில் பலர் மின்னஞ்சலுக்கு முன்னால் செய்வது என்ன? பிரிவு வட்ஸ்அப் குழுமத்தில் ‘உள்ளே போக முடியேல்லை, யாராவது சொல்லுங்கோ’ என்று பதிவிலக்கத்தோடு படம் போடுவது. நூறு, இருநூறு பேர் உள்ள குழுமத்தில் யார் யார் இருக்கிறார்கள் என்று உங்களுக்குத் தெரியுமா? பத்து நிமிடத்தில் ஓர் அழைப்பு. ‘தங்கச்சி, கணினிப் பிரிவிலிருந்து கதைக்கிறன். இப்ப உங்கட போனுக்கு ஆறு இலக்கக் கோட் ஒன்று வரும், சொல்லுங்கோ, எக்கவுண்டைத் திறந்து விடுறன்.’ கோட் வருகிறது. அது பரீட்சைத் தளத்தின் கோட் அல்ல, உங்கள் வட்ஸ்அப்பை வேறொரு போனில் திறப்பதற்கான கோட். எஸ்எம்எஸ்ஸிலேயே வட்ஸ்அப் என்று எழுதியிருக்கும். அந்த நேரத்தில் யார் வாசிக்கிறார்கள்? சொன்ன மறுகணம் உங்கள் வட்ஸ்அப் அவன் கையில். மாமாவிடமும் சித்தியிடமும் உங்கள் பெயரில் அவசரமாகக் காசு கேட்கும் செய்திகள் போகத் தொடங்கும். எந்தக் கல்வி நிறுவனத்தின் கணினிப் பிரிவும் உங்கள் போனுக்கு வந்த கோட்டைக் கேட்காது. ஏமாந்துவிட்டால் உடனே வட்ஸ்அப்பில் உங்கள் எண்ணைத் திரும்பப் பதிவு செய்யுங்கள், 101க்கு அழைத்து இலங்கை சேர்ட்டிடம் சொல்லுங்கள்.

அனுப்பிய அஞ்சலை அழிக்காதீர்கள், ஒரு பிடிஎஃப் பிரதியும் எடுத்து வையுங்கள். பெற்றவர் பக்கம் அது எப்படியும் இருக்கும் என்று நம்ப வேண்டாம். 2023இல் இலங்கை அரச மின்னஞ்சல் சேவையை ரான்சம்வெயார் தாக்கியபோது மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான அஞ்சல்கள் மீட்க முடியாமல் போயின. அமைச்சுகளுக்கே அந்தக் கதி.

மூதூர் மாணவியின் பூட்டு 11.36க்குத் தானாகத் திறக்கும். அவள் செய்ய வேண்டியது, 11.40 மட்டும் பொறுத்து, கடவுச்சொல்லை ஒட்டாமல் கையால் அடித்து, ஒரே ஒரு தடவை முயல்வது. 11.55 தாண்டினாலும் ஒருதரம் பார்த்துவிடட்டும். மூடிலில் கெடு வேறு, முற்றாக மூடும் நேரம் வேறு. விரிவுரையாளர் இரண்டுக்கும் இடையில் அவகாசம் விட்டிருந்தால் ‘பிந்தியது’ என்ற குறியோடு விடை ஏறும், முதல் அஞ்சல் அந்தக் குறிக்கு விளக்கமாக நிற்கும். ஏறிவிட்டால் அதே அஞ்சலின் தொடர்ச்சியாக, ‘11.43க்கு உள்ளே போய்ப் பதிவேற்றிவிட்டேன், கணக்கில் எதையும் மாற்ற வேண்டாம்’ என்று ஒரு வரி அனுப்ப வேண்டும். இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். காலையில் வரும் அலுவலர் பழைய அஞ்சலைப் பார்த்து, பாவம் பிள்ளை என்று, நன்றாக வேலை செய்துகொண்டிருக்கும் கணக்கின் கடவுச்சொல்லை மாற்றிவைப்பார். ஒன்பது மணிக்கு அடுத்த பாடத்தின் வினாத்தாளைத் திறக்கப் போனால் மறுபடியும் `Invalid login`.